149 நிமிட விழா ஏன் 246 நிமிடம் ஓடுகிறது?

ஆண்டு விழா அழைப்பிதழ் கைக்கு வந்ததும் பெற்றோர் முதலில் தேடுவது தங்கள் பிள்ளையின் பெயரை. அடுத்து, எத்தனை மணிக்கு வீடு திரும்பலாம் என்பதை. முதல் கேள்விக்கு அழைப்பிதழில் பதில் உண்டு. இரண்டாவது கேள்விக்குப் பல பள்ளிகளில் விழா நடத்துபவர்களிடமே சரியான பதில் இருக்காது. யாரும் நீட்டிப் பேசாமல், எந்த நடனமும் தடைபடாமல், மின்சாரம் போகாமல் இருந்தும் விழா ஒன்றரை மணி நேரம் தாமதமாக முடிவது உண்டு. அந்த நேரம் எங்கே போகிறது என்பதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும்.

ஒரு மாதிரிப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். சிற்றூரில் உள்ள அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி. ஆறு முதல் பத்து வரை சுமார் 400 மாணவர்கள். பிப்ரவரி நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை 4:30 மணிக்கு, பள்ளி மைதானத்தில் போட்ட மேடையில் விழா. ஆறு விருந்தினர்கள், 120 பரிசுகள், 14 கலை நிகழ்ச்சிகள்.

ஆசிரியர்கள் கூடி முதல் பட்டியலைப் போடுகிறார்கள். தமிழ்த்தாய் வாழ்த்து 1 நிமிடம், குத்துவிளக்கு 2, வரவேற்புரை 5, ஆண்டறிக்கை 10, தலைமையுரை 5, மூவர் வாழ்த்துரை 15, சிறப்புரை 15, பரிசளிப்பு 20. கலை நிகழ்ச்சிகள் சராசரி 5 நிமிடம் என்ற கணக்கில் 70. நன்றியுரை 5, நாட்டுப்பண் 1. கூட்டினால் 149 நிமிடம். ஏழு மணிக்கு முடிந்துவிடும் என்று தலைமை ஆசிரியர் நிம்மதியாகிறார்.

இப்போது பட்டியலில் எழுதாமல் விட்டவற்றைச் சேர்ப்போம். ஆறு விருந்தினருக்குப் பொன்னாடையும் நினைவுப் பரிசும் கொடுக்க ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால் 6 நிமிடம். எட்டுப் பேச்சாளர்களையும் பெயர் சொல்லி அழைத்து, அவர்கள் எழுந்து வந்து மைக்கைச் சரிசெய்துகொள்ள 8 நிமிடம். விருந்தினர் கீழே இறங்கி, நாற்காலிகளும் மேசையும் மேடையை விட்டுப் போக 5 நிமிடம். 14 கலை நிகழ்ச்சிகளுக்கும் ஒரு குழு இறங்கி அடுத்த குழு ஏற இரண்டிரண்டு நிமிடமாக 28. பரிசளிப்போ 20 நிமிடத்தில் முடியாமல் 70 நிமிடம் எடுக்கும்; ஏன் என்று பிறகு பார்ப்போம். ஆக மொத்தம் 97 நிமிடம் கூடுகிறது. 149 நிமிடம் 246 ஆகிவிட்டது. விழா முடியும்போது மணி 8:36. சிறப்பு விருந்தினர் 20 நிமிடம் தாமதமாக வந்தால் ஒன்பதை நெருங்கும்.

நிமிடவாரி அட்டவணையின் வேலை இந்த 97 நிமிடத்தை முன்கூட்டியே கண்ணில் காட்டுவதுதான். அழைப்பிதழில் அச்சாகும் நிகழ்ச்சி நிரல் விருந்தினர்களின் பெயரையும் மரியாதை வரிசையையும் சொல்வதற்காக எழுதப்படுகிறது. அட்டவணையோ மேடைக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு மட்டும். அதில் ‘மேடை மாற்றம்’ என்பதும் ஒரு வரி, அதற்கும் நிமிடம் உண்டு, அதற்கும் பொறுப்பாளி உண்டு.

கடிகாரத்தை எப்போது அழுத்துவது?

அட்டவணை பொய்யாகிப் போவதற்கு முதல் காரணம் நிமிடத்தை அளக்கும் முறை. “டான்ஸ் எவ்வளவு நேரம்?” என்று கேட்டால் பயிற்சி தந்த ஆசிரியை பாட்டின் நீளத்தைச் சொல்வார். அது சரியான அளவு அல்ல. தொகுப்பாளர் அந்த நிகழ்ச்சியை அறிவிக்க வாயைத் திறந்தது முதல், அடுத்த நிகழ்ச்சியை அறிவிக்க வாயைத் திறக்கும் வரை உள்ளதுதான் ஒரு நிகழ்ச்சியின் நீளம். ஒத்திகையில் கைப்பேசியின் ஸ்டாப்வாட்சை இந்த இரண்டு இடங்களில் அழுத்தினால் போதும்.

ஒயிலாட்டத்தை அளந்து பார்ப்போம். அறிவிப்பு 40 விநாடி. 16 பிள்ளைகள் கைத்துணியைப் பிடித்தபடி வரிசையாக ஏறி நிற்க 30 விநாடி. ஆட்டம் 5 நிமிடம். கைதட்டல், வணக்கம், இறங்குதல் 40 விநாடி. மொத்தம் 6 நிமிடம் 50 விநாடி. அட்டவணையில் 7 என்று எழுத வேண்டும். பாட்டின் நீளமான 5-ஐ எழுதினால் இந்த ஒரு வரியிலேயே 2 நிமிடம் காணாமல் போகும்.

மாறாத நீளமுள்ள வரிகள் இரண்டுதான். தமிழ்த்தாய் வாழ்த்து 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டபோது, 55 விநாடியில் பாட வேண்டும், அனைவரும் எழுந்து நிற்க வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கு உண்டு என்று அரசாணை வரையறுத்தது. நாட்டுப்பண் 52 விநாடி. அப்படியும் இரண்டுக்கும் 2 நிமிடம் ஒதுக்குவது நல்லது. மைதானத்தில் உட்கார்ந்திருக்கும் நானூறு பிள்ளைகளும் பெற்றோரும் எழுந்து அமைதியாகி, பிறகு உட்காருவதற்கே மீதி நேரம் போய்விடும்.

குத்துவிளக்கு 2 நிமிடம் என்பதும் நடக்காத கணக்கு. ஐந்து முகம், ஐந்து பேர், கையில் ஒரே மெழுகுவத்தி. ஒருவர் ஏற்றி அடுத்தவரிடம் கொடுத்து, படம் எடுக்க ஒரு கணம் நின்று நகர்வதற்கு ஆளுக்கு 30 விநாடிக்கு மேல் ஆகிறது. திறந்த மேடையில் மாலைக் காற்றும் சேர்ந்தால் திரி பிடிக்காது. திரியை மதியமே எண்ணெயில் ஊறப்போட்டு, நுனியில் கற்பூரத் துணுக்கு வைத்து, காற்று வரும் பக்கம் ஒரு ஆசிரியர் மறைத்து நின்றால் 4 நிமிடத்தில் முடியும்.

படிக்கட்டில் போகும் 50 நிமிடம்

விழாவை நீட்டுவதில் பேச்சாளர்களைவிடப் பெரிய பங்கு பரிசளிப்புக்கு உண்டு. பெயரை அழைத்த பிறகு பிள்ளை கூட்டத்திலிருந்து எழுந்து, வரிசைகளுக்கு நடுவே வழி கேட்டு வந்து, படியேறி, பரிசு வாங்கி, படத்துக்கு நின்று, இறங்கினால் 35 விநாடி ஆகும். 120 பரிசுக்கு 70 நிமிடம். அதே பிள்ளை முன்பே வரிசையில் நின்று, பெயரைச் சொன்னதும் இரண்டடி எடுத்து வைத்து வாங்கிக்கொண்டு மறுபக்கப் படி வழியாக இறங்கினால் 10 விநாடி. 120 பரிசும் 20 நிமிடத்தில் முடியும். பரிசும் அதுவே, கைகுலுக்கலும் படமும் அவையே. வேறுபாடு முழுவதும் நடையில்தான்.

அதற்கு மூன்று ஏற்பாடுகள் வேண்டும். மேடைக்கு இரண்டு படி: ஒன்றில் ஏறுவது, மற்றதில் இறங்குவது. ஒரே படி என்றால் இறங்குபவர் போகும் வரை ஏறுபவர் காத்திருக்க வேண்டும். இரண்டாவது, பெயர்ப் பட்டியலும் பரிசு மேசையும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பரிசின் மேலும் ஒட்டிய எண் பட்டியலில் உள்ள எண்ணாக இருந்தால், மேசையில் நிற்பவர் பெயரைத் தேட மாட்டார். மூன்றாவது, வரிசையின் நடுவில் ஒரு பிள்ளை இல்லாவிட்டால் என்ன செய்வது என்று முன்பே முடிவு செய்துவிட வேண்டும். கீழே வரிசையைச் சரிபார்க்கும் ஆசிரியர் வராதவரின் எண்ணைச் சீட்டில் எழுதி மேலே அனுப்பினால், வாசிப்பவர் அந்தப் பெயரை விட்டுவிட்டுப் போகலாம். ‘எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்’ என்ற அறிவிப்பு ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடத்தைத் தின்னும்.

120 பரிசையும் ஒரே மூச்சில் கொடுத்தால் கூட்டம் சலிக்கும். 60 கல்விப் பரிசுகளை விருந்தினர் மேடையில் இருக்கும்போதும், 60 விளையாட்டுப் பரிசுகளைக் கலை நிகழ்ச்சிகளுக்கு நடுவிலும் வைக்கலாம். வரிசையைச் சரிசெய்ய இரண்டு நிமிடம் சேர்த்து, சுற்றுக்கு 12 நிமிடம்.

வாழ்த்துரையைக் குறைப்பது எப்படி?

பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், முன்னாள் மாணவர் சங்கச் செயலாளர், வார்டு உறுப்பினர் மூவரும் வாழ்த்துரை வழங்கினால், அழைப்பையும் சேர்த்து 18 நிமிடம். அவர்களை மேடையில் வெறுமனே உட்கார வைக்கவும் முடியாது. அட்டவணை எழுதும்போதே அவர்களுக்கு வேறு பங்கு தந்துவிடலாம். பள்ளிச் செயலர், சிறப்பு விருந்தினர், இந்த மூவர் ஆகியோர் விளக்கின் ஐந்து முகங்களையும் ஏற்றட்டும். ஆறாவது விருந்தினரான நன்கொடையாளர் விளையாட்டுப் பரிசுகளை வழங்கட்டும். அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்கு முன்பே தலைமை ஆசிரியர் ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து, “ஐயா, இந்த வருஷம் விளக்கேத்துறது நீங்க” என்று சொல்லிவிட வேண்டும். விழாவன்று மேடையில் சொன்னால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

சிறப்பு விருந்தினரிடமும் நேரத்தைச் சொல்லலாம். ‘சற்றுச் சுருக்கமாக’ என்றால் ஒவ்வொருவருக்கும் ஒரு பொருள். ‘12 நிமிடம் ஒதுக்கியிருக்கிறோம்’ என்று அழைக்கும்போதே சொல்லிவிட்டால், பெரும்பாலோர் அதற்கேற்பத் தயாராகி வருவார்கள். முன்வரிசையில் உட்காரும் ஆசிரியர் ஒருவர் ‘இன்னும் 2 நிமிடம்’ என்ற அட்டையைக் காட்டுவார் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

திரைக்கு முன்னும் பின்னும்

கலை நிகழ்ச்சிகளுக்கு நடுவே போகும் 28 நிமிடத்தை மிச்சப்படுத்த மேடை முன்திரை உதவும். 14 நிகழ்ச்சிகளில் சிலவற்றுக்கு முழு மேடையும் வேண்டும்; சிலவற்றுக்கு ஒரு மைக்கும் நான்கடி இடமும் போதும். தனிப்பாடல், பேச்சு, பலகுரல், கவிதை, குழுப்பாடல் ஐந்தையும் மூடிய திரைக்கு முன்னால் நடத்தலாம். அந்த மூன்று நான்கு நிமிடத்தில் திரைக்குப் பின்னால் நாடகத்துக்கு மேசை வந்துவிடும். வில்லுப்பாட்டுக்கு வில்லும் குடமும் பாயும் மைக்குகளும் இடத்தில் அமர்ந்துவிடும். பெரிய நிகழ்ச்சியை அடுத்துச் சின்ன நிகழ்ச்சி என்று கோத்தால் பார்ப்பவர்களுக்கு வெறும் மேடை தெரியாது.

வரிசையை முடிவு செய்யும் முன் இன்னொரு சரிபார்ப்பு வேண்டும். எல்லா நிகழ்ச்சிகளின் பெயர்ப் பட்டியலையும் அருகருகே வைத்து, எந்தப் பிள்ளை இரண்டு இடத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். புடவையும் சலங்கையும் கழற்றி, முகம் கழுவி, வேறு உடுப்பு மாற்றக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும். கீழே உள்ள அட்டவணையில் கரகாட்டம் 5:46க்கு முடிகிறது. ஒயிலாட்டம் 6:15க்குத் தொடங்குகிறது. இரண்டிலும் ஆடும் பிள்ளைக்கு 29 நிமிடம் கிடைக்கும். இந்தச் சரிபார்ப்பைச் செய்யாமல் போட்ட வரிசையில், ‘இதோ சில நிமிடங்களில்’ என்று தொகுப்பாளர் மைக்கில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிவரும்.

வெளிச்சத்தையும் பார்க்க வேண்டும். பிப்ரவரி நடுவில் தமிழ்நாட்டில் மாலை ஆறேகால் வாக்கில் சூரியன் மறைகிறது. கரகம் பகல் வெளிச்சத்திலேயே நன்றாகத் தெரியும். வெள்ளை பூசிய முகத்தோடு நடிக்கும் மைமுக்கு இருட்டும் மேடை விளக்கும் வேண்டும். அதனால்தான் அது ஏழு மணியை ஒட்டி வருகிறது.

இவற்றையெல்லாம் சேர்த்துத் திருத்திய அட்டவணை இது. ‘மைக்கில்’ என்பது அறிவிப்பவரைக் குறிக்கும். தமிழாசிரியை முதல் பகுதியையும், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவரும் மாணவர் ஒருவரும் இரண்டாம் பகுதியையும் தொகுக்கிறார்கள். சாய்ந்த எழுத்தில் உள்ளவை திரைக்கு முன் நடப்பவை.

| நேரம் | நிகழ்ச்சி | நிமிடம் | மைக்கில் | பொறுப்பு |
|---|---|---|---|---|
| 4:30 | தமிழ்த்தாய் வாழ்த்து | 2 | தமிழாசிரியை | இசை ஆசிரியர் |
| 4:32 | குத்துவிளக்கு ஏற்றுதல் | 4 | தமிழாசிரியை | ஓவிய ஆசிரியர் |
| 4:36 | வரவேற்புரை | 4 | தமிழாசிரியை | உதவித் தலைமை ஆசிரியர் |
| 4:40 | பொன்னாடை, நினைவுப் பரிசு | 5 | தமிழாசிரியை | அறிவியல் ஆசிரியர் |
| 4:45 | ஆண்டறிக்கை | 8 | தமிழாசிரியை | தலைமை ஆசிரியர் |
| 4:53 | தலைமையுரை | 6 | தமிழாசிரியை | பள்ளிச் செயலர் |
| 4:59 | சிறப்புரை | 13 | தமிழாசிரியை | சிறப்பு விருந்தினர் |
| 5:12 | கல்விப் பரிசுகள் (60) | 12 | தமிழாசிரியை | கணித ஆசிரியர் |
| 5:24 | விருந்தினர் இறங்குதல், மேடை மாற்றம் | 6 | மாணவி, மாணவர் | உடற்கல்வி ஆசிரியர் |
| 5:30 | வரவேற்பு நடனம், 6ஆம் வகுப்பு | 6 | மாணவி | 6ஆம் வகுப்பு ஆசிரியை |
| 5:36 | *தனிப்பாடல்* | 4 | மாணவர் | இசை ஆசிரியர் |
| 5:40 | கரகாட்டம் | 6 | மாணவி | 7ஆம் வகுப்பு ஆசிரியை |
| 5:46 | *பேச்சு* | 4 | மாணவர் | நூலகப் பொறுப்பாசிரியர் |
| 5:50 | ஓரங்க நாடகம் | 13 | மாணவி | சமூக அறிவியல் ஆசிரியர் |
| 6:03 | விளையாட்டுப் பரிசுகள் (60) | 12 | மாணவர் | உடற்கல்வி ஆசிரியர் |
| 6:15 | ஒயிலாட்டம் | 7 | மாணவி | கணித ஆசிரியர் |
| 6:22 | *பலகுரல்* | 4 | மாணவர் | அறிவியல் ஆசிரியர் |
| 6:26 | வில்லுப்பாட்டு | 12 | மாணவி | இசை ஆசிரியர் |
| 6:38 | கையிருப்பு நேரம் | 8 | இருவரும் | நேரம் பார்ப்பவர் |
| 6:46 | குழு நடனம், 8ஆம் வகுப்பு | 6 | மாணவர் | 8ஆம் வகுப்பு ஆசிரியை |
| 6:52 | *கவிதை* | 3 | மாணவி | தமிழாசிரியை |
| 6:55 | மைம் | 8 | மாணவர் | ஓவிய ஆசிரியர் |
| 7:03 | பறையாட்டம் | 7 | மாணவி | சமூக அறிவியல் ஆசிரியர் |
| 7:10 | *குழுப்பாடல்* | 4 | மாணவர் | இசை ஆசிரியர் |
| 7:14 | நிறைவு நடனம், 10ஆம் வகுப்பு | 7 | மாணவி | 10ஆம் வகுப்பு ஆசிரியை |
| 7:21 | நன்றியுரை | 4 | தமிழாசிரியை | மாணவர் தலைவர் |
| 7:25 | நாட்டுப்பண் | 2 | தமிழாசிரியை | இசை ஆசிரியர் |

முடிவு 7:27. மொத்தம் 177 நிமிடம். 14 கலை நிகழ்ச்சிகளில் ஒன்றையும் விடவில்லை. 120 பரிசில் ஒன்றையும் குறைக்கவில்லை. 246-இலிருந்து 177-க்கு வந்த 69 நிமிடத்தில் 46 நிமிடத்தை மிச்சப்படுத்தியது படிக்கட்டு ஏற்பாடு மட்டுமே.

ஒரு வரிக்கு ஒரு ஆள்

பொறுப்பு என்ற கட்டத்தில் ‘கலைக்குழு’ என்றோ ‘ஆசிரியர்கள்’ என்றோ எழுதினால் அது காலியாக விட்டதற்குச் சமம். பள்ளியில் பயன்படும் படியில் பதவிக்குப் பதில் பெயரையே எழுத வேண்டும், ஒரே ஒரு பெயரை. அந்த நபரின் வேலை தன் குழுவை நேரத்துக்கு மேடையோரம் சேர்ப்பது. ஒரு குழு மேடையில் ஆடும்போது அடுத்த குழு படியருகே நிற்க வேண்டும். அதற்கடுத்த குழு உடுத்தி முடித்து அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அறை வாசலில் நிற்கும் ஆசிரியரிடம் ஒரு படி இருந்தால், யாரை எப்போது அனுப்புவது என்று அவர் யாரையும் கேட்க வேண்டாம்.

ஒரே ஆசிரியர் இரண்டு அடுத்தடுத்த வரிகளில் வருகிறாரா என்றும் பார்க்க வேண்டும். இசை ஆசிரியருக்கு ஐந்து வரிகள் இருக்கின்றன. ஆனால் எந்த இரண்டும் ஒட்டியிருக்கவில்லை. விளையாட்டுப் பரிசுகளுக்கு நிற்கும் உடற்கல்வி ஆசிரியரிடமே அதை அடுத்து வரும் ஒயிலாட்டத்தையும் கொடுத்திருந்தால், ஒன்றுக்கு ஆள் இல்லாமல் போயிருக்கும்.

மைக் செட்காரருக்குத் தனிப்படி வேண்டும். அதில் அவருக்கு வேண்டிய இரண்டு விவரம் மட்டும்: எந்த மைக், எந்தப் பாட்டு. பாட்டுகள் ஆளுக்கொரு கைப்பேசியில் இருந்தால் ஒவ்வொரு முறையும் ஒயரை மாற்றும் நேரம் போகும். நடுவில் யாராவது அழைத்தால் மணியொலியும் ஒலிபெருக்கியில் கேட்கும். எல்லாவற்றையும் ஒரே பென் டிரைவில் போட்டு, அட்டவணை வரிசைப்படியே எண்ணிட்டுப் பெயர் வைத்தால் (`03_karagam.mp3`, `06_oyilattam.mp3` என்பது போல) “அண்ணே, அடுத்து ஆறாம் நம்பர்” என்ற ஒரு சொல் போதும். எண்ணில் 03 என்று முன்னால் பூச்சியம் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. சில பிளேயர்கள் வெறும் 3-ஐ 10-க்குப் பிறகு வரிசைப்படுத்தும். விழாவுக்கு முதல்நாள் எல்லாப் பாட்டையும் அவருடைய கருவியிலேயே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

தொகுப்பாளருக்கும் நிமிடக் கணக்கு உண்டு. நிதானமாகப் பேசினால் தமிழில் நிமிடத்துக்குச் சுமார் நூறு சொற்கள். 40 விநாடி அறிவிப்பு என்றால் அறுபது எழுபது சொற்களுக்குள் எழுத வேண்டும். எழுதியதை ஒருமுறை உரக்கப் படித்து அளந்துவிடலாம். இதைத் தவிர, பாட்டு ஓடாமல் நின்றால் சொல்வதற்கென்று ஒரு நிமிட அளவில் நான்கைந்து துண்டுகள் கையில் இருக்க வேண்டும். விடுகதை, பள்ளி தொடங்கிய ஆண்டைப் பற்றிய செய்தி, இந்த ஆண்டு மாவட்டப் போட்டியில் வென்றவர்களின் பெயர் என்று எதுவானாலும் சரி. 5:24க்கு வரும் ஆறு நிமிட மேடை மாற்றத்தை மாணவர் இருவரும் தாங்குவது இப்படிப்பட்ட துண்டுகளால்தான்.

தாமதமாகும்போது

மேடையோரம் ஒரு ஆசிரியருக்கு வேறு வேலையே இருக்கக் கூடாது. அவர் கையில் அட்டவணை, பேனா, கடிகாரம். ஒவ்வொரு வரியும் உண்மையில் தொடங்கிய நேரத்தை அவர் பக்கத்தில் எழுதுகிறார். 5:30, 6:15, 6:46 ஆகிய மூன்று இடங்களில் தலைமை ஆசிரியரிடம் ‘4 நிமிடம் பின்னால் இருக்கிறோம்’ என்று சொல்கிறார். இந்த ஒருவர் இல்லாவிட்டால், தாமதம் ஏழரை மணிக்குத்தான் எல்லாருக்கும் தெரியவரும்.

6:38க்கு வைத்திருக்கும் எட்டு நிமிடம் அதற்குள் சேர்ந்துவிட்ட தாமதத்தை விழுங்குவதற்காக. அதை இறுதியில் வைத்தால் பயன் குறைவு. அதுவரை எல்லா நிகழ்ச்சிகளும் தள்ளிப்போய், பிள்ளைகள் மேக்கப்போடு காத்திருப்பார்கள். தொடக்கத்தில் வைத்தாலோ, பிறகு வரும் தாமதத்துக்குக் கையில் ஒன்றும் இருக்காது. தாமதமே இல்லையென்றால் வில்லுப்பாட்டுக் கருவிகளை அகற்ற ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு, மீதி ஏழு நிமிடம் முன்னதாக முடிக்கலாம்.

சிறப்பு விருந்தினர் 20 நிமிடம் தாமதமானால் என்ன செய்வது? மேடையில் நாற்காலிகள் இருப்பதால் நடனத்தை முன்னால் இழுக்க முடியாது. ஆனால் தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும் ஆண்டறிக்கையைப் படித்துவிடலாம். அதற்கு விருந்தினர் தேவையில்லை. அது 8 நிமிடம். திரைமுன் நிகழ்ச்சிகள் ஐந்தில் பேச்சையும் பலகுரலையும் முன்னால் கொண்டுவந்தால் இன்னொரு 8. அதற்கு மேல் இழுத்தால் பின்னால் மேடை மாற்றங்களை மறைக்க எதுவும் மிஞ்சாது. மீதி 4 நிமிடத்தைக் கையிருப்பு நேரம் ஏற்கும். அவர் 40 நிமிடம் தாமதமானால் இந்தக் கணக்கு தாங்காது. அப்போது பள்ளிச் செயலர் விழாவைத் தொடங்கிக் கல்விப் பரிசுகளை வழங்கிவிட வேண்டும்; சிறப்புரை விளையாட்டுப் பரிசுகளுக்கு முன்னால் வரும். இப்படிச் செய்வோம் என்று செயலரிடம் முதல்நாளே சம்மதம் வாங்கியிருக்க வேண்டும்.

கையிருப்பும் தீர்ந்துவிட்டால் எதைக் குறைப்பது என்பதும் முன்கூட்டியே எழுதப்பட வேண்டிய ஒன்று. அந்த நேரத்தில் யோசித்தால், கேள்வி கேட்க முடியாத சின்னப் பிள்ளைகளின் நிகழ்ச்சியைத்தான் கை முதலில் அடிக்கும். மூன்று மாதம் ஒத்திகை பார்த்த பிள்ளை அலங்காரம் கலையாமல் வீடு திரும்பும் நிலை அதனால்தான் வருகிறது. முதலில் சுருங்க வேண்டியது பெரியவர்களின் பேச்சு. நன்றியுரைக்கு இரண்டு படி எழுதி வைக்கலாம்: 4 நிமிடத்தது ஒன்று, 1 நிமிடத்தது ஒன்று. அறிவிப்புகளைப் பெயரும் வகுப்பும் மட்டும் சொல்லும் ஒரு வரியாக்கினால் கடைசி ஆறு நிகழ்ச்சிகளில் 3 நிமிடம் கிடைக்கும். வில்லுப்பாட்டில் விட்டுவிடக்கூடிய ஒரு பகுதியை, பயிற்றுவித்த ஆசிரியரே முன்பே குறித்துத் தரலாம்.

அட்டவணையால் எட்ட முடியாதவையும் உண்டு. மழை வந்தால் நிமிடக் கணக்கு பயன்படாது. எந்த வகுப்பறைக் கூடத்துக்கு மாறுவது என்பது தனித் திட்டம். ஜெனரேட்டர் இல்லாமல் மின்சாரம் போனால் தொகுப்பாளரின் ஒரு நிமிடத் துண்டும் யாருக்கும் கேட்காது. மேலே ஒரு வரம்பும் இருக்கிறது. ஒலிபெருக்கிக்கு எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் அதைப் பயன்படுத்தக் கூடாது. ஆனால் சிற்றூர்ப் பள்ளிக்கு அதற்கு முன்பே வேறொரு வரம்பு வந்துவிடும்: சுற்றுக் கிராமங்களுக்குப் போகும் கடைசிப் பேருந்து. அட்டவணை எழுத உட்காரும்போது முதலில் அந்த நேரத்தை விசாரித்து, அதிலிருந்து அரை மணி நேரம் கழித்து நாட்டுப்பண்ணின் நேரத்தை எழுதிவிட்டு, அங்கிருந்து மேல்நோக்கி வர வேண்டும்.

விழா முடிந்ததும், நேரம் பார்த்தவர் கையில் இருந்த படியைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. திட்டமிட்ட நிமிடமும் உண்மையில் ஆன நிமிடமும் அருகருகே உள்ள காகிதம் அது ஒன்றுதான். அந்தப் பள்ளியின் நாடகம் 13 நிமிடமா 17 நிமிடமா, அங்குள்ள படிக்கட்டில் ஒரு பரிசுக்கு 10 விநாடியா 14 விநாடியா என்பதை வேறு எந்தப் பள்ளியின் அட்டவணையைப் பார்த்தும் தெரிந்துகொள்ள முடியாது. அடுத்த ஆண்டு ‘நிமிடம்’ என்ற கட்டத்தை ஊகித்து நிரப்ப வேண்டாம். அந்தக் காகிதத்தைப் பார்த்து எழுதிவிடலாம்.